“அவன் நம்ம ஆள் இல்லையே” என்று ஓனர் சொல்லலாமா?

கேள்வி: கொடைக்கானலில் ஒரு காட்டேஜில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறேன். பத்து நாள் முன்பு டவல் கொடுக்கப் போனபோது, தங்கியிருந்த ஒருவர் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். உதறிவிட்டு ஓடிவந்து மேனேஜரிடம் சொன்னேன். “சீசன் நேரம், கெஸ்ட்டைப் பகைச்சுக்க முடியாது” என்று மறுநாளும் அதே அறைக்கு என்னையே அனுப்பினார். அந்த ஆள் ஊருக்குப் போய்விட்டார். ஓனரோ, “அவன் நம்ம ஆள் இல்லையே, நாம என்ன செய்ய முடியும்?” என்கிறார். உண்மைதானா?
- பெயர் வேண்டாம், கொடைக்கானல்

பதில்: இல்லை, சகோதரி. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு, பணியிடத்துக்கு வந்து போகிறவர்களிடமிருந்தும் ஊழியரைப் பாதுகாப்பது முதலாளியின் கடமை என்கிறது. அறை எடுத்துத் தங்குகிறவரும் அதில் அடக்கம். தவறு செய்தவர் ஊழியர் அல்லாதவராக இருந்தாலும், நீங்கள் விரும்பினால் அவர் மீது குற்ற நடவடிக்கை தொடங்க முதலாளி ஏற்பாடு செய்ய வேண்டும். நீங்களே போலீஸுக்குப் போனாலும் துணை நிற்க வேண்டும். இதைச் செய்யாத நிர்வாகத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

எனக்கு அதிகம் வலித்தது, மறுநாளும் உங்களையே அங்கே அனுப்பியதுதான். நீங்கள் சொன்ன அந்த நிமிடமே மேனேஜர் அந்த அறைக்கு ஓர் ஆண் ஊழியரை மாற்றியிருக்க வேண்டும். தானே போய் அந்த ஆளைக் கண்டித்து, அறையைக் காலி செய்யச் சொல்லியிருக்கலாம். நடந்ததை நேரத்தோடு எழுதி வைத்திருக்கலாம். சில இடங்களில் பாதுகாப்பு என்ற பேரில் அந்தப் பெண்ணையே லாண்டரிக்கு மாற்றுவார்கள், அல்லது சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்புவார்கள். டிப்ஸும் போகும், கூலியும் போகும். புகார் சொன்னவருக்கே அது தண்டனையாகிவிடுகிறது. அப்படிச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அவர் ஊர் போய்விட்டதால் எல்லாம் முடிந்துவிடவில்லை. சம்பவம் நடந்தது கொடைக்கானலில் என்பதால் அங்குள்ள போலீஸ் ஸ்டேஷனிலேயே புகார் கொடுக்கலாம். அவருடைய ஊருக்கு நீங்கள் அலைய வேண்டியதில்லை. குற்றங்களுக்கான சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 74, 75 ஆகிய பிரிவுகள் இதுபோன்ற செயலுக்கானவை. எதில் வழக்குப் போடுவது என்பதைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும். அவர் யார் என்பதற்கான ஆதாரம் உங்கள் ரிசப்ஷனிலேயே இருக்கும்: ரெஜிஸ்டரில் போட்ட கையெழுத்து, அடையாள அட்டை நகல், போன் நம்பர், பணம் கட்டிய விவரம்.

அவசரம் சிசிடிவியில்தான். அறைக்குள் கேமரா இருக்காது. ஆனால் நீங்கள் எப்போது போனீர்கள், எப்படி ஓடிவந்தீர்கள் என்பதை வராந்தா கேமரா காட்டும். பல இடங்களில் இரண்டு வாரத்திலோ ஒரு மாதத்திலோ பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். பத்து நாள் போய்விட்டது. அதனால் இன்றைக்கே ஓனருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தேதி, நேரம், அறை எண், நடந்தது, மேனேஜரிடம் சொன்னது, மறுநாள் அனுப்பப்பட்டது எல்லாம் வரட்டும். அந்த நாட்களின் கேமரா பதிவையும் ரெஜிஸ்டர் பக்கத்தையும் அழியாமல் வைக்கும்படியும், போலீஸ் புகாருக்கு உதவும்படியும் கேளுங்கள். நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தரமாட்டேன் என்றால், கடிதத்தைப் போட்டோ எடுத்து அவருடைய வாட்ஸப்புக்கே அனுப்புங்கள்.

அப்புறம், உங்கள் காட்டேஜில் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள்? பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால், இதுபோன்ற புகாரை விசாரிக்க அங்கேயே உள்ளகப் புகார்க் குழு இருப்பது கட்டாயம். “நாங்க ஆறேழு பேர்தானே” என்பார்கள். சீசனுக்கு மட்டும் வருகிறவர், தினக்கூலி, காண்ட்ராக்டில் வரும் செக்யூரிட்டி எல்லோரும் சட்டப்படி ஊழியர்களே. சேர்த்து எண்ணிப் பாருங்கள். உண்மையிலேயே பத்துக்குக் குறைவு என்றால், மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவுக்கு எழுத வேண்டும். உங்களுக்கு அது திண்டுக்கல் மாவட்டம். கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். எழுத வராவிட்டால் எழுத உதவுவது குழுவின் பொறுப்பு.

ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள்: வந்து தங்கிப் போனவரைச் சிறைக்கு அனுப்பும் அதிகாரம் எந்தக் குழுவுக்கும் கிடையாது. அது போலீஸும் கோர்ட்டும் செய்ய வேண்டியது. ஆகவே குழுவுக்கு எழுதும் மனுவில், அந்த ஆள் செய்ததோடு நிற்காமல் மேனேஜர் சொன்ன பதிலையும் மறுநாள் அனுப்பியதையும் விடாமல் எழுதுங்கள். போலீஸ் புகாரைத் தனியாகக் கொடுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம், ஒன்றுக்காக மற்றதை நிறுத்தி வைக்கத் தேவையில்லை. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் 181 மகளிர் உதவி எண்ணில் முதலில் பேசுங்கள்.