கேள்வி பதில்: கேஸ் ஸ்டடியில் எந்த ஃபிரேம்வொர்க்கை எடுப்பது?

படிவம் 6 மாணவி, சுங்கை சிப்புட்: சார், செம்பனைக் குலை வாங்கி மில்லுக்கு அனுப்பும் மையம் ஒன்றைப் பற்றிய கேஸ் இது. "லாபம் ஏன் பாதியாகக் குறைந்தது?" என்று கேட்டிருக்காங்க. ஸ்வாட் போடவா, ஃபைவ் ஃபோர்சஸ் போடவா?

பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நாலு கட்டம் போடுவது ஸ்வாட்; ஆனா இப்போதைக்கு இரண்டும் வேண்டாம்மா. கேள்வி யாரைப் பற்றியது, எந்தக் காலத்தைப் பற்றியது என்று முதலில் பாருங்க. இங்கே ஒரே ஒரு மையம், ஏற்கெனவே நடந்து முடிந்த சரிவு. வணிகப் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் 1979-ல் ஃபைவ் ஃபோர்சஸை எழுதியது ஒரு தொழில் முழுவதிலும் போட்டி எப்படி லாபத்தைத் தின்கிறது என்று பார்க்க. இந்த மையத்தின் கல்லாவில் எது குறைந்தது என்று அது சொல்லாது.

பேனாவை எடுக்கும் முன் பதில் வாக்கியத்தை வெற்றிடம் விட்டு எழுதிப் பாருங்க: "மாத லாபம் 4,000 ரிங்கிட் குறைந்தது, அதில் ___ ரிங்கிட் ___ மாறியதால்." எந்தக் கருவி அந்த இடத்தை நிரப்புமோ அதுதான் பொருத்தம். இதை நிரப்புவது லாபத்தைக் கிளை கிளையாகப் பிரிக்கும் மரம்தான்.

கேஸில் உள்ள கணக்கையே போடுவோம். போன வருஷம் மாதம் 600 டன், டன்னுக்கு 30 ரிங்கிட் மிச்சம், ஆக 18,000. லோரி, கூலி, வாடகை 10,000 போக லாபம் 8,000. இந்த வருஷமும் 600 டன்தான், ஆனால் மிச்சம் 24. அது 14,400, செலவு 10,400, லாபம் 4,000. சரிவில் 3,600 ரிங்கிட் டன் மிச்சத்திலிருந்து வந்தது, 400 ரிங்கிட் செலவிலிருந்து. டன் அளவு அசையவே இல்லை. அதனால் "வாடிக்கையாளரை எப்படி இழுப்பது" என்று இரண்டு பக்கம் எழுதினால் அத்தனையும் வீண்.

டிப்ளோமா மாணவன்: ஸ்வாட்டில் "பலவீனம்" என்ற கட்டத்தில் "மிச்சம் குறைவு" என்று எழுதினா அதுவே பதில்தானே சார்? எங்க லெக்சரர் எதுக்கும் ஸ்வாட் கேட்பாரு.

பாதி சரி தம்பி. கண்டுபிடித்ததை அடுக்கி வைக்க ஸ்வாட் நல்ல அலமாரி. கண்டுபிடிக்கும் வேலையை அது செய்யாது. "மிச்சம் குறைவு" என்று தெரிந்ததே மரத்தால்தான். லெக்சரர் கேட்டால் கடைசியில் போடுங்க, முதலில் போடாதீங்க. முதலில் போட்டால் நாலு கட்டத்தையும் நிரப்பணும் என்ற ஆசையில் "நல்ல இடம்", "அனுபவம்" என்று கேள்விக்குச் சம்பந்தமில்லாததெல்லாம் வந்து உட்காரும். உங்க தாளில் ஒரு வரியை அடித்துவிட்டாலும் முடிவு மாறவில்லை என்றால், அது அப்படி வந்து உட்கார்ந்த வரி.

மரமும் பாதி வழிதான். டன்னுக்கு 6 ரிங்கிட் எங்கே போனது? மில் கொடுக்கும் விலையிலிருந்து தோட்டக்காரருக்குக் கொடுக்கும் விலையைக் கழித்தால் மிச்சம். எனவே ஒன்று, பழுக்காத குலை அதிகமாகி மில் தரம் பார்த்து விலையில் பிடித்துக்கொண்டது; அல்லது பக்கத்து மையத்தோடு போட்டி போட்டுக் கூடுதல் விலை கொடுத்தார்கள். முதலாவது என்றால் குலை வந்து இறங்குவது முதல் லோரி ஏறுவது வரை ஒவ்வொரு படியையும் பார்க்கணும். இரண்டாவது என்றால்தான் ஃபைவ் ஃபோர்சஸுக்கு வேலை வருது. அதிலும் குலை தருபவர் பலம், சக வியாபாரிப் போட்டி என்ற இரண்டு மட்டும் போதும். ஐந்தையும் நிரப்பணும் என்று சட்டம் இல்லை.

குலை மையம் நடத்துபவர்: நம்ம மையத்திலேயும் இதே கதைதான் சார். பக்கத்துல புதுசா ஒருத்தர் தொடங்கிட்டாரு. நான் இரண்டாவது லோரி வாங்கலாமா?

அது வேறு கேள்வி அண்ணே. அங்கே "ஏன்", உங்களுடையது "செய்யலாமா". இதற்கு மரமும் வேண்டாம், ஸ்வாட்டும் வேண்டாம். லோரியின் மாதத் தவணை, டிரைவர் சம்பளம், டீசல் மூன்றையும் கூட்டி, டன் மிச்சத்தால் வகுத்துப் பாருங்க. அவ்வளவு கூடுதல் டன் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. அதற்கு முன் மில் தரும் எடைச் சீட்டுகளில் பிடித்தம் எவ்வளவு என்று மூன்று மாதத்துக்குப் பாருங்க. உங்க சரிவு அங்கே இருந்தால் புது ஆள் மேல் பழி போட வேண்டியதில்லை. உங்க கணக்கைப் பார்க்காமல் வாங்குங்க, வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

டிப்ளோமா மாணவன்: டன்னும் குறைந்து, மிச்சமும் குறைந்தா? 600 டன் 550 ஆச்சுன்னு வைங்க.

நல்ல கேள்வி. 600 டன்னுக்கு 30 வீதம் 18,000, 550 டன்னுக்கு 24 வீதம் 13,200, வித்தியாசம் 4,800. குறைந்த 50 டன்னைப் பழைய 30 ரிங்கிட்டில் போட்டால் 1,500. மீதி 3,300 மிச்சத்தின் பங்கு. அதையே புது 24 ரிங்கிட்டில் போட்டால் 1,200-ம் 3,600-ம். நடுவில் ஒரு 300 ரிங்கிட் இரண்டுக்கும் பொதுவாக நிற்குது. எந்தப் பக்கம் சேர்ப்பது என்பதில் ஆளுக்கு ஒரு வழக்கம்; நான் தனி வரியாகவே காட்டுவேன்.

படிவம் 6 மாணவி: தனி வரியா காட்டினா மார்க் வெட்டுவாங்களா சார்?

திருத்துபவரைப் பொறுத்தது. எந்த மிச்சத்தில் போட்டீங்க என்று பக்கத்திலேயே எழுதி வையுங்கம்மா.