லாச்சியில் குறைந்த 12,500 ரூபாய்

கேள்வி: களுவாஞ்சிகுடியில் பலசரக்குக் கடை நடத்துகிறேன். கடைக்குப் போட்ட முதலின் பாதி, 6 இலட்சம் ரூபாய், அண்ணன் கட்டாரிலிருந்து வங்கி மூலம் அனுப்பியது. எழுத்தில் எதுவும் இல்லை. பதிவு என் பெயரில். விடுமுறையில் வந்த அவர் பக்கத்தில் இருக்க இரவு கணக்கு முடித்தேன். லாச்சியில் 12,500 ரூபாய் குறைந்தது. அவர் வேலைப் பையனைக் கூப்பிட்டதும், நான்தான் எடுத்துக் குதிரைப் பந்தயத்தில் விட்டேன், எட்டு மாதமாக இப்படித்தான் என்று சொல்லிவிட்டேன். பங்கைப் பிரித்துத் தா, இல்லாவிட்டால் பொலிசுக்குப் போவேன் என்கிறார். போக முடியுமா?

பதில்: முறைப்பாடு செய்ய முடியும். பிறர் பொருளைக் கையாடுவதை விளக்கும் இடத்தில் தண்டனைச் சட்டக்கோவை காட்டும் உதாரணமும் ஒரு குதிரைதான். இருவருக்குச் சொந்தமான குதிரையில் ஒருவன் ஏறிப் போனால் குற்றமில்லை. அதை விற்று முழுப் பணத்தையும் தானே வைத்துக்கொண்டால் குற்றம். ஆனால் கடை இருவருக்கும் சொந்தம் என்பதை அண்ணன் முதலில் காட்ட வேண்டும்.

அங்கேதான் அவருக்குச் சிக்கல். 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட முதலில் நடக்கும் பங்குடைமை, எழுத்தில் கையொப்பமிடப்படாவிட்டால் செல்லாது என்கிறது 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், பிரிவு 18. 'பங்கைத் தா' என்று அவர் போடும் வழக்கு இதில் தடுக்கி விழலாம். இதை வைத்து நீங்கள் தப்பிக்கப் பார்ப்பதை நான் விரும்பவில்லை. வங்கித் துண்டைக் காட்டி 6 இலட்சத்தைக் கடனாகக் கேட்கும் வழி அவருக்கு இருக்கிறது. வாய்ப்பேச்சுக் கடனுக்குக் காலவரையறை மூன்று வருடம் என்பதால் பணம் வந்த திகதி முக்கியம். அண்ணனுக்கும் ஒன்று சொல்லுங்கள்: பிரிவு 18 உங்கள் இருவருக்கு இடையில்தான் குறுக்கே நிற்கும். மொத்த வியாபாரி பாக்கிக்காக இருவர் மீதும் வழக்குப் போட்டு, நீங்கள் பங்காளிகள் என்று நிரூபிக்கலாம்.

எனவே உட்கார்ந்து எழுதுங்கள். அதற்கு முன் தொகை தெரிய வேண்டும். 12,500 என்பது அண்ணன் கண்ணில் பட்ட ஒரு நாள் கணக்குத்தான். எட்டு மாதக் கொள்வனவுப் பற்றுச்சீட்டுகளை எடுங்கள். 40 இலட்சத்துக்குச் சரக்கு வாங்கி, கையிருப்பு அன்றைப் போலவே இன்றும் இருந்து, வாங்கிய விலைக்கு மேல் 10 வீதம் வைத்து விற்கிறீர்கள் என்றால், விற்பனை 44 இலட்சமாக இருந்திருக்க வேண்டும். வங்கியில் போட்டது, வியாபாரிகளுக்குக் கையில் கொடுத்தது, கடைச் செலவு, வீட்டுக்கு எடுத்தது, கடன் கொப்பியில் நிற்பது எல்லாம் சேர்ந்து 41 இலட்சம்தான் என்றால், போனது ஏறக்குறைய 3 இலட்சம். கடன் கொப்பியை மறந்தால் நீங்கள் எடுக்காததும் உங்கள் தலையில் விழும்.

அந்தத் தொகையை உங்கள் பற்றாக எழுதி, இனி வரும் இலாபத்தில் மாதம் எவ்வளவு கழிப்பது, லாச்சித் திறப்பு யாரிடம் என்பதையும் சேர்த்து இருவரும் கையொப்பமிடுங்கள். அதன்பின் பங்கு இருப்பதை நீங்களே ஒப்புக்கொண்டதாக ஆகும். அது தெரிந்தே கையொப்பமிடுங்கள்.

முன்பு எப்போதாவது காசு குறைந்தது என்று அந்தப் பையனின் சம்பளத்தில் பிடித்திருந்தால், அதை இந்த மாதமே திருப்பிக் கொடுங்கள்.