கடைசி வேலை நாள்

அன்புள்ள அக்கா,

கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் 2021 செப்டம்பர் 6 முதல் வேலை செய்கிறேன். இங்கிலாந்தில் முதுகலை படிக்க இடம் கிடைத்துவிட்டது, வகுப்பு 2026 செப்டம்பர் 21இல் தொடங்குகிறது. ஆகஸ்ட் 14 உடன் விலகி ஒரு மாதம் யாழ்ப்பாணத்தில் அம்மாவோடு இருக்க நினைக்கிறேன். முன்னறிவித்தல் ஒரு மாதம். ஏன் போகிறேன் என்று ஒரு பக்கத்துக்கு விளக்கிக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் என்ன சேர்க்கலாம்?
— வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

சேர்க்க ஒன்றும் இல்லை. ஆனால் ஆகஸ்ட் 14 என்ற திகதியை மாற்றுங்கள். அன்று உங்கள் சேவைக்காலம் ஐந்து வருடத்துக்கு மூன்று கிழமை குறைவாக இருக்கும்.

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை கொடுக்க வேண்டும். தானாக விலகிப் போனாலும் அந்த உரிமை உண்டு. நாலு வருடமும் பதினொரு மாதமும் என்றால் சட்டப்படி ஒன்றும் கிடையாது. நான் என் முதல் வேலையை விட்டபோது இது எனக்குத் தெரியாது. இரண்டு மாதம் பொறுத்திருந்தால் கிடைத்திருக்கும் பணத்தை விட்டுவிட்டு வந்தேன். அதனால்தான் உங்கள் கடிதத்தைப் பார்த்த உடனே எழுதுகிறேன்.

கணக்கு இப்படித்தான்: கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தில் பாதி, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும். இங்கே சம்பளம் என்பது அடிப்படைச் சம்பளமும் வாழ்க்கைச் செலவுப்படியும்தான். போக்குவரத்து, இணையம் என்று வரும் கொடுப்பனவுகளைக் கூட்டாதீர்கள். உங்கள் அடிப்படைச் சம்பளம் 250,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். பாதி 125,000, ஐந்து வருடத்துக்கு 625,000 ரூபா. சேவை முடிந்து முப்பது நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

செப்டம்பர் 5ஆம் திகதியோடு ஐந்து வருடம் நிறைகிறது. அது சனிக்கிழமை. திங்கள் வேலைக்குப் போய், செவ்வாய் 8ஆம் திகதியைக் கடைசி நாளாக எழுதுங்கள். கடிதத்தை ஆகஸ்ட் 7ஆம் திகதி கொடுத்தால் ஒரு மாத முன்னறிவித்தலும் சரியாக வரும். 12ஆம் திகதி விமானம் ஏறினாலும் வகுப்புக்கு முன் ஒரு கிழமை இருக்கும். அம்மாவோடு இருக்கும் நாட்களுக்கு, கடிதம் கொடுக்கும் முன்பே ஜூலையில் மிச்ச வருடாந்த லீவை எடுங்கள். லீவில் இருக்கும் நாளும் சேவை நாள்தான்.

விசா கையில் வந்த பிறகே கடிதத்தைக் கொடுங்கள். அதற்கு விசாவுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். பணிக்கொடையை விசாவுக்குக் காட்டும் பணத்தில் சேர்த்துக் கணக்குப் போடாதீர்கள். அந்தப் பணம் விண்ணப்பிக்கும் முன் தொடர்ந்து 28 நாள் கணக்கில் கிடந்திருக்க வேண்டும், உங்களுக்கு இதுவோ வேலை முடிந்த பிறகு வரும். இலங்கைச் சம்பளக் கணக்கையும் மூடிவிட்டுப் போகாதீர்கள், பணம் அங்கேதான் வரும்.

கடிதம் நாலு வரி போதும்: 'மேற்படிப்புக்காக வெளிநாடு செல்வதால் பதவியிலிருந்து விலகுகிறேன். நியமனக் கடிதத்தின்படி ஒரு மாத முன்னறிவித்தலாக இதைக் கொள்ளவும். எனது கடைசி வேலை நாள் 2026 செப்டம்பர் 8. அதுவரையான சம்பளம், பணிக்கொடை, சேவைச் சான்றிதழ் ஆகியவற்றை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.' 'இன்று முதல் விலகுகிறேன்' என்ற வார்த்தை எங்கும் வர வேண்டாம், சேவை அன்றோடு முடிந்ததாக வாசிக்க இடம் கொடுக்கும். எழுதி வைத்திருக்கும் அந்த ஒரு பக்கத்தை உங்கள் முகாமையாளரிடம் நேரில் இருந்து பேசிச் சொல்லுங்கள். அவர் அதைக் கேட்க வேண்டும், கோப்பில் கிடக்க வேண்டியதில்லை.

இங்கேதான் கவனம். நல்ல மனம் படைத்த முகாமையாளர், 'வேலையை ஒப்படைத்துவிட்டீர்கள்தானே, இந்தக் கிழமையே போங்கள்' என்று சொல்லக்கூடும். அந்தச் சலுகைக்கு நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். ஆகஸ்டில் விடுவித்ததாக ஒரு தாளில் கையெழுத்திட்டால் ஐந்து வருடம் நிறையாது. வீட்டில் இருக்கச் சொன்னால் இருக்கலாம், ஆனால் சேவை செப்டம்பர் 8இல்தான் முடிகிறது என்று மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். கடிதத்தின் பிரதியிலும் பெற்ற திகதியும் கையொப்பமும் இருக்கட்டும். பணம் முப்பது நாளில் வராவிட்டால் நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் திணைக்களத்தில் உங்கள் சார்பில் முறைப்பாடு செய்யப் போகிறவரின் கையில் இருக்க வேண்டியவை அந்தப் பிரதியும் நியமனக் கடிதமும்.

ஊழியர் சேமலாப நிதியை இப்போது நினைக்க வேண்டாம். நிரந்தரமாக நாட்டை விட்டுப் போகிறவர்களுக்கு அதை முன்பே எடுக்க வழி உண்டு, நீங்கள் மாணவர் விசாவில் போகிறீர்கள். அது அங்கேயே வட்டியோடு இருக்கும். அங்கத்துவ இலக்கத்தை மட்டும் குறித்துக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
அக்கா