அறிக்கையில் ‘எச்’ எழுத்து: 112 சீனியும் 232 கொலஸ்ட்ரோலும் என்ன சொல்கின்றன?

கேள்வி: கோண்டாவிலில் இருக்கிறோம். அம்மாவுக்கு வயது 53, இதுவரை பெரிய வருத்தம் எதுவும் இல்லை. சும்மா ஒருமுறை பார்ப்போம் என்று இரத்தம் கொடுத்தார். வெறும் வயிற்றுச் சீனி 112, மொத்தக் கொலஸ்ட்ரோல் 232, எச்.டி.எல். 54, ட்ரைகிளிசரைட் 165, எல்.டி.எல். 145. நான்கு இடங்களில் ‘எச்’ என்று போட்டிருக்கிறது. கனடாவில் இருக்கும் அண்ணா தனக்கு 5.6தான், அம்மாவுக்கு 112ஆ என்று பதறுகிறார். அம்மா இரண்டு நாளாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அப்பாவின் சீனிக் குளிசையில் பாதியை இப்போதைக்குக் கொடுக்கலாமா?

பதில்:

குளிசை கொடுக்காதீர்கள். பாதியும் வேண்டாம். சீனிக் குளிசைகளில் ஒரு வகை, கணையத்திலிருந்து இன்சுலினைத் தள்ளி வெளியே விடும். அப்பா எடுப்பது அந்த வகையாக இருந்தால், சாப்பிடாமல் இருக்கும் அம்மாவுக்குச் சீனி மளமளவென்று இறங்கி, கை நடுங்கி, வியர்த்து, மயக்கமே வரலாம். 112க்கு அப்படியொரு வைத்தியம் தேவையில்லை. அம்மாவை முதலில் வழமைபோலச் சாப்பிடச் சொல்லுங்கள். அதற்கு வேறொரு காரணமும் உண்டு, பிறகு சொல்கிறேன்.

நான் டொக்டர் இல்லை. ஆய்வுகூடத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். இரத்தம் எடுப்பதிலிருந்து அறிக்கை அச்சாகும் வரை நடப்பவை தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

அண்ணாவின் கணக்கை முதலில் நேராக்குவோம். இங்கே சீனியை டெசிலீற்றருக்கு எத்தனை மில்லிகிராம் என்று அளந்து எழுதுகிறோம். கனடாவில் லீற்றருக்கு எத்தனை மில்லிமோல் என்று எழுதுகிறார்கள். அவர்களுடைய எண்ணை 18ஆல் பெருக்கினால் நம்முடைய எண் வரும். அண்ணாவின் 5.6 என்பது இங்கே 101. அம்மாவின் 112 என்பது அங்கே 6.2. இருவருக்கும் இடையே உள்ள தூரம் இவ்வளவுதான். அண்ணா யாழ்ப்பாணத்தில் இரத்தம் கொடுத்திருந்தால் அவருக்கும் ஒரு ‘எச்’ விழுந்திருக்கலாம். கொலஸ்ட்ரோலுக்கு 18 பொருந்தாது. அதற்கு ஏறத்தாழ 38.7ஆல் பெருக்க வேண்டும். வெளிநாட்டு உறவினரோடு எண்களை ஒப்பிடும் முன்பு அலகைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த ஒரு விடயத்தால் வீடுகளில் நடக்கும் கலவரம் கொஞ்சநஞ்சமல்ல.

இனி அந்த ‘எச்’. அதை டொக்டர் போடவில்லை. ஆய்வுகூடக் கணினியில் ஓர் எல்லை பதியப்பட்டிருக்கிறது. எண் அதைத் தாண்டினால் ‘கூடுதல்’ என்று காட்டும் இந்த எழுத்து தானாக விழும். 112க்கும் அதே எழுத்துத்தான், 312க்கும் அதே எழுத்துத்தான். எவ்வளவு தாண்டியது என்பதை அது சொல்லாது. அந்த எல்லைகூட எல்லா இடத்திலும் ஒன்றல்ல. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2003இல் வெறும் வயிற்றுச் சீனியின் எல்லையை 110இலிருந்து 100ஆகக் குறைத்தது. உலக சுகாதார நிறுவனம் 110இலேயே நின்றுவிட்டது. எனவே 105 என்ற ஒரே எண்ணுக்கு ஓர் ஆய்வுகூடம் ‘எச்’ போடும், மற்றது போடாது. அறிக்கையில் எண்ணுக்குப் பக்கத்தில் அச்சாகியிருக்கும் எல்லையைச் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது இதனால்தான்.

நீரிழிவு என்று பெயர் சூட்டுவதற்கான கோட்டில் இரு தரப்புக்கும் சண்டையில்லை. வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல். அந்த எண் சும்மா விழுந்ததல்ல. அந்த அளவை ஒட்டித்தான் கண்ணின் விழித்திரையில் நீரிழிவால் வரும் பாதிப்பு கூடத் தொடங்குவதை ஆய்வுகளில் கண்டார்கள். 126ஐத் தாண்டினாலும், தாகம், அடிக்கடி சிறுநீர், உடல் மெலிவு போன்ற அறிகுறி இல்லாதவரிடம் இன்னொரு நாள் மறுபடி பார்த்து உறுதிசெய்த பிறகே பெயர் சூட்டுவார்கள்.

அம்மாவின் 112 இந்தக் கோட்டுக்குக் கீழே, இயல்பு எல்லைக்குச் சற்று மேலே. நீரிழிவு அல்ல, ஆனால் ஒன்றுமில்லை என்று தூக்கிப் போடவும் முடியாது. அப்பாவுக்கு வருத்தம் இருப்பது பரம்பரை வழியாக அம்மாவின் ஆபத்தைக் கூட்டாது (இருவருக்கும் ஒரே இரத்தம் இல்லையே), ஆனால் ஒரே சமையல், ஒரே சோற்றுக்கோப்பை. அம்மாவின் பெற்றோருக்கோ சகோதரருக்கோ இருந்ததா என்பதுதான் டொக்டர் கேட்கப்போகும் கேள்வி.

இந்த 112 எவ்வளவு உறுதியான எண்? ஒரே ஆளின் வெறும் வயிற்றுச் சீனி நாளுக்கு நாள் ஐந்து சதவீதம் அளவில் ஏறி இறங்குவது இயல்பு. அதாவது அதே அம்மா, அதே ஆய்வுகூடம், அடுத்த வாரம் 106 வந்தாலும் 118 வந்தாலும் வியப்பதற்கில்லை. அண்மையில் காய்ச்சல் வந்திருந்தால், ஸ்டீரொயிட் வகை மருந்து எடுத்திருந்தால் எண் கூடும். காலையில் “பிளேன்டீதானே” என்று சீனி போட்டுக் குடித்துவிட்டு வெறும் வயிறு என்று சொல்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அம்மாவிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். தண்ணீர் மட்டும் பிரச்சினையில்லை.

தவறு எதிர்ப்பக்கமாகவும் நடக்கும். உடலை விட்டு வெளியே வந்த இரத்தத்திலும் செல்கள் உயிரோடுதான் இருக்கின்றன. அவை குழாய்க்குள் இருக்கும் சீனியைத் தின்றுகொண்டிருக்கும். செல்களைப் பிரிக்காமல் வைத்தால் மணித்தியாலத்துக்கு ஐந்து முதல் ஏழு சதவீதம் வரை சீனி குறையும். இதைத் தடுக்கத்தான் சாம்பல் நிற மூடியுள்ள, ஃபுளோரைட் போட்ட குழாயில் எடுப்பது வழக்கம். அதுவும் முழுதாக வேலை செய்ய ஒன்றிரண்டு மணித்தியாலம் பிடிக்கும். நெடுந்தீவில் காலையில் எடுத்த இரத்தம் வேறு குழாயில் படகேறி, பிறகு பஸ்ஸேறி யாழ்ப்பாண நகரத்துக்கு மதியம் வந்து சேர்ந்தால், அதில் வரும் நல்ல எண்ணை நான் நம்பமாட்டேன். முடிந்தால் ஆய்வுகூடத்துக்கே போய் இரத்தம் கொடுப்பது நல்லது.

அடுத்த படி, காய்ச்சல் ஏதும் இல்லாத ஒரு நாளில் மறுபடி பார்ப்பது. இரண்டு வழிகள் உண்டு. ஒன்று எச்பிஏ1சி. கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியை அது காட்டும், 5.7க்குக் கீழ் இயல்பு, 6.5 அல்லது அதற்கு மேல் நீரிழிவு, இடையில் இருப்பது அம்மா இப்போது நிற்கும் இடம் போன்றது. ஆனால் இரும்புச்சத்துக் குறைவால் இரத்தச்சோகை இருந்தால் அது பொய்யாகக் கூடிக் காட்டலாம். எனவே கூடவே ஹீமோகுளோபினையும் பார்ப்பது நல்லது.

மற்றது 75 கிராம் குளுக்கோசைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணித்தியாலம் கழித்து மறுபடி இரத்தம் எடுப்பது. அப்போது 140க்குக் கீழ் இயல்பு, 200 அல்லது அதற்கு மேல் நீரிழிவு. வீட்டில் புட்டோ சோறோ சாப்பிட்டுவிட்டு வந்து கொடுக்கும் பரிசோதனை இதற்கு ஈடாகாது. ஒருவர் சாப்பிடும் புட்டு இன்னொருவருக்கு இரண்டு வேளைச் சாப்பாடு. அதை வைத்துப் பெயர் சூட்ட முடியாது.

அம்மாவைச் சாப்பிடச் சொன்னதற்கான மற்றக் காரணம் இங்கேதான் வருகிறது. குளுக்கோஸ் பரிசோதனைக்கு முந்திய மூன்று நாளும் சோறு, இடியப்பம் எல்லாம் வழமைபோலச் சாப்பிட்டிருக்க வேண்டும். பட்டினி கிடந்த உடல் திடீரென்று வரும் சீனியைக் கையாளத் திணறி, இல்லாத நீரிழிவைக் காட்டிவிடும். “ரிப்போர்ட் நல்லா வரட்டும்” என்று பத்தியம் இருந்துவிட்டுப் போவது இதனால் வீண்வேலை.

கொலஸ்ட்ரோலுக்கு வருவோம். 232 என்ற மொத்த எண்தான் எல்லோர் கண்ணிலும் படுகிறது. நான் அதைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். அதற்குள் இரத்தக் குழாயைக் காக்கும் எச்.டி.எல்.லும் அடக்கம். பெண்களுக்கு 50க்கு மேல் இருப்பது நல்லது, அம்மாவுக்கு 54. பார்க்க வேண்டியது குழாயில் படியும் எல்.டி.எல். பெரும்பாலான ஆய்வுகூடங்கள் அதை நேரடியாக அளப்பதில்லை, கணக்குப் போட்டு எழுதுகின்றன. நீங்களே செய்து பார்க்கலாம். இரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைட் 165ஐ 5ஆல் வகுத்தால் 33. மொத்தம் 232இலிருந்து எச்.டி.எல். 54ஐயும் இந்த 33ஐயும் கழித்தால் 145. அறிக்கையில் இருப்பதும் அதுவே. இதிலிருந்து தெரிவது, ட்ரைகிளிசரைட் எண் பிழையானால் எல்.டி.எல். எண்ணும் பிழையாகும் என்பது. ட்ரைகிளிசரைட்டோ முதல் நாள் இரவு விருந்துக்கே துள்ளும் எண். அது 400ஐத் தாண்டினால் இந்தக் கணக்கே செல்லாது. நேரடியாக அளக்கச் சொல்ல வேண்டும். அம்மாவின் 165, எல்லையான 150ஐச் சற்றுத்தான் தாண்டியிருக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்கும் இரத்தம் எடுத்ததற்கும் இடையே பன்னிரண்டு மணித்தியாலம் இருந்ததா என்று பாருங்கள்.

145க்கு ‘எச்’ விழுந்ததற்குக் காரணம், அறிக்கையில் 100 அல்லது 130 என்று எல்லை அச்சாகியிருப்பது. எல்.டி.எல்.லுக்கு எல்லோருக்கும் பொதுவான ஒரு நல்ல எண் கிடையாது. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு 70கூட அதிகம் என்பார்கள். இதயத்தில் பிரச்சினை இல்லாத, புகைக்காத, பிரஷர் இல்லாத 53 வயதுப் பெண்ணுக்கு அதே 145 வேறு கதை. டொக்டர் வயது, பிரஷர், சீனி, புகைத்தல் எல்லாவற்றையும் சேர்த்துப் பத்து ஆண்டுக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பைக் கணித்துத்தான் குளிசை வேண்டுமா என்று முடிவெடுப்பார். அதனால் அம்மாவின் பிரஷரை அளக்காமல் இந்த எண்ணுக்குப் பதில் சொல்ல முடியாது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எல்.டி.எல். சற்று ஏறுவது வழக்கம். தைரொயிட் குறைவாக வேலை செய்தாலும் ஏறும்; களைப்பு, மலச்சிக்கல், எடை கூடுதல் இருந்தால் அதைப் பார்க்கும் பரிசோதனையையும் கேளுங்கள். அதைத் திருத்தினாலே கொலஸ்ட்ரோல் இறங்கிவிடும் ஆட்கள் இருக்கிறார்கள்.

சாப்பாட்டில், நம் ஊரில் அறிக்கை வந்த அன்றே முட்டையை நிறுத்திவிட்டு மூன்று வேளையும் மாவையும் சோற்றையும் குவிக்கிறார்கள். எனக்கு இது எரிச்சல். சீனியையும் ட்ரைகிளிசரைட்டையும் ஏற்றுவது அந்தக் குவியலும் தேநீர்ச் சீனியும். எல்.டி.எல்.லை ஏற்றுவது நாள் தவறாத கட்டித் தேங்காய்ப்பாலும் பொரியலும்தான் பெரும்பாலும். அங்கே கை வையுங்கள்.

இரண்டு மூன்று வாரத்துக்குள் குடும்ப டொக்டரிடம் போனால் போதும். இரவோடிரவாக ஓட வேண்டியதில்லை. பழைய அறிக்கை எது இருந்தாலும் கொண்டு போங்கள். மூன்று வருடத்துக்கு முன் 92 இருந்து இப்போது 112 என்பதும், அப்போதே 110 என்பதும் ஒன்றல்ல. ஆனால் இடையில் அடங்காத தாகம், இரவில் பலமுறை சிறுநீர், காரணமில்லாத மெலிவு தொடங்கினால் காத்திருக்காமல் உடனே சீனியைப் பாருங்கள். அவற்றோடு வாந்தி, மூச்சு வாங்குதல், அரைமயக்கம் சேர்ந்தால் ஆய்வுகூடத்துக்குப் போகாமல் நேரே ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குக் கொண்டு செல்லுங்கள்.