கேள்வி பதில்: மாட்டுத் தீவனத்தில் நார்ச்சத்து, சாம்பல் கழித்த கணக்கு

பதில் சொல்பவர் மாதவரம் பக்கத்தில் தீவன ஆய்வகத்தில் நெடுநாள் வேலை பார்த்தவர்.

கேள்வி (மாதவரத்தில் பயிற்சியில் இருப்பவர்): சார், ஒரே சாம்பிளுக்கு எனக்கு 16.9 வருது, சீனியர் 13.2ன்னு எழுதுறாங்க. நான் எடையெல்லாம் சரியாத்தான் எடுத்தேன். எது சரி?

உங்கள் எடைகளில் தப்பு இல்லை. நீங்கள் ஒரு படி முன்னாடியே நிறுத்திவிட்டீர்கள். அனுப்பிய குறிப்பையே வைத்துப் போட்டுப் பார்ப்போம்.

தீவனம் 2.0040 கிராம். கொழுப்பை எடுத்த பிறகு 1.25 சதவீத கந்தக அமிலம் 200 மில்லியில் அரை மணி நேரம் கொதிக்க வைத்து, வடிகட்டி, கழுவி, மறுபடி 1.25 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு 200 மில்லியில் அரை மணி நேரம். மிஞ்சியதை குரூசிபிளில் சேர்த்து 130 டிகிரியில் இரண்டு மணி நேரம் உலர்த்தியிருக்கிறீர்கள். வெறும் குரூசிபிள் 31.2480, உலர்ந்த எச்சத்தோடு 31.5862. வித்தியாசம் 0.3382 கிராம். இதை 2.0040-ஆல் வகுத்தால் 16.88. உங்கள் கணக்கு இங்கே நின்றுவிட்டது.

அந்த 0.3382-ல் நார் மட்டுமா இருக்கிறது? அமிலத்துக்கும் காரத்துக்கும் அசையாத மணல், மண், உமியிலிருக்கும் சிலிக்காவில் கரையாமல் மிஞ்சியது எல்லாம் கூடவே உட்கார்ந்திருக்கும். அதனால்தான் மஃபிள் அடுப்பில் 550 முதல் 600 டிகிரி வரை வைத்து எரிக்கிறோம். எரிந்து போனது நார், மிஞ்சியது சாம்பல். எரித்தபின் உங்கள் குரூசிபிள் 31.3217. இழப்பு 0.2645 கிராம், அதாவது 13.20 சதவீதம். சீனியர் எழுதியது இதைத்தான்.

கணக்கு இவ்வளவுதான்:

```
நார் % = (W1 − W2 − B) × 100 / W
W1: உலர்ந்த எச்சத்துடன் குரூசிபிள்
W2: எரித்தபின் குரூசிபிள்
B : பிளாங்க் இழப்பு
W : தீவனத்தின் எடை
```

பிளாங்க் என்பது தீவனமே போடாமல் மற்ற எல்லாவற்றையும் அதே மாதிரி செய்து பார்ப்பது. உங்களுடையது 0.0015 கிராம் இழந்திருக்கிறது. அதையும் கழித்தால் 0.2630, ஆக 13.12. W என்பது கொழுப்பு எடுப்பதற்கு முன்னால் நிறுத்த எடை. கொழுப்பு எடுத்தபின் உள்ள எடையால் வகுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அப்படிச் செய்தால் விடை ஏறித் தெரியும். அப்புறம், ரிப்போர்ட்டில் ஈரம் நீக்கிய அடிப்படை கேட்டிருந்தால் இன்னொரு வகுத்தல் உண்டு. ஈரம் 10.2 என்றால் 13.12-ஐ 0.898-ஆல் வகுக்க வேண்டும், 14.61 வரும். எந்த அடிப்படை என்று எழுதாமல் எண்ணை மட்டும் கொடுத்தால், வாங்குபவரும் விற்பவரும் சண்டை போட அதுவே போதும்.

கேள்வி (புளியந்தோப்பில் மாடு வைத்திருப்பவர்): அண்ணே, சாம்பலைக் கழிக்கிறீங்கன்னா கம்பெனிக்கு சாதகமா நாரைக் குறைச்சுக் காட்டுறீங்கன்னுதானே அர்த்தம்? மூட்டையில நார் 12-க்கு மேல போகாதுன்னு போட்டிருக்கான், சாணியில உமி உமியா வருது.

அண்ணே, சாதகம் பாதகம் பார்த்துக் கழிப்பதில்லை. மணல் நார் கிடையாது, அதை நாரில் சேர்த்தால் அதுதான் பொய். ஆனால் உங்கள் சந்தேகத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது.

நார் 13 சதவீதம் இருக்கும் நூறு கிலோ தீவனத்தில் யாரோ பத்து கிலோ மணல் கலக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நார் அதே 13 கிலோதான், மொத்தம் 110 கிலோ ஆகிவிட்டது. இப்போது சாம்பல் கழித்துப் பார்த்தால் 11.8 வரும். மூட்டையில் போட்ட 12-க்குள் அடங்கிவிட்டது! கெட்ட தீவனம் மேலும் கெட்டுப்போய் பாஸ் ஆகிறது. கழித்த கணக்கு சரியானதுதான், ஆனால் நாரைப் பற்றி மட்டும்தான் அது பேசும். மணலைப் பிடிக்க வேறு சோதனை உண்டு, அமிலத்தில் கரையாத சாம்பல் என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் கதை தெரியும்.

உமி விஷயம் வேறு. உமியில் நாரும் நிறைய, சிலிக்காவும் நிறைய. உமி கலந்தால் கழித்த பிறகும் நார் ஏறித்தான் நிற்கும், கரையாத சாம்பலும் ஏறும். உங்கள் தீவனத்தில் இரண்டும் சேர்ந்து ஏறியிருந்தால் நான் உமியைத்தான் முதலில் சந்தேகப்படுவேன்.

சாணியில் தெரிவதை வைத்து மட்டும் தீவனத்தைக் குற்றம் சொல்ல வேண்டாம், தவிடு தனியாக வைக்கிறீர்களா என்றும் பாருங்கள். சோதனைக்கு அனுப்பும்போது ஒரு மூட்டையின் மேலிருந்து அள்ளாதீர்கள். நாலைந்து மூட்டையில் மேல், நடு, அடி எல்லா இடத்திலும் எடுத்துக் கலந்து, அதிலிருந்து அரை கிலோ கட்டி அனுப்புங்கள். மூட்டை ஆடி வரும்போது மணல் அடியில் இறங்கிவிடும்.

கேள்வி (மணலியில் உரத் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்ற வேதியியலர்): எடை இழப்பைத்தான் எடுக்கிறோம் என்றால் வெறும் குரூசிபிளின் எடையே தேவையில்லை. வடிதாளோடு சேர்த்தே எரித்துவிடலாமே, தாளின் சாம்பல் சொற்பம்தானே?

முதல் பாதி சரி சார். மேலே உள்ள சூத்திரத்தில் வெறும் குரூசிபிளின் 31.2480 எங்கேயுமே வரவில்லை. நான் இருந்தாலும் எழுதி வைப்பேன், எச்சத்தில் எவ்வளவு சாம்பல் என்று பார்க்க உதவும். மேலே அது 0.0737 கிராம், தீவனத்தில் 3.7 சதவீதம்.

இரண்டாம் பாதியில்தான் சிக்கல். உரத்தில் நீங்கள் எரித்தபின் மிஞ்சுவதை நிறுப்பீர்கள், அங்கே சாம்பல் இல்லாத தாள் வரம். இங்கே நாங்கள் நிறுப்பது எரிந்து போனதை. தாள் முழுக்க செல்லுலோஸ், எரிந்தால் அப்படியே நார்க் கணக்கில் ஏறிவிடும். அதனால் துணியில் வடித்தாலும் எச்சத்தை மட்டும் குரூசிபிளுக்கு மாற்றுகிறோம், துணியின் நூல் பிசிறு ஒட்டியிருக்கிறதா என்றும் பார்க்கிறோம்.

இதே காரணத்தால் ஈரமும் ஆபத்து. உலர்த்திய எச்சம் நிறுக்கும் முன் உறிஞ்சும் தண்ணீர், அடுப்பில் ஆவியாகி நாராக எண்ணப்படும். 20 மில்லிகிராம் ஈரம் போதும், இரண்டு கிராம் சாம்பிளில் ஒரு சதவீதம் கூடிவிடும். எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் கடல் காற்றில் டெசிகேட்டரின் சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து வெளிறி இருந்தால் அன்றைய முடிவை நான் நம்ப மாட்டேன். எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்துங்கள். எதிர்ப்பக்கத் தப்பும் உண்டு: சாம்பல் கறுப்பாக இருந்தால் கரி முழுக்க எரியவில்லை, நார் குறைவாக வரும்.

கேள்வி (திருவொற்றியூர் கல்லூரி மாணவி): ஐயா, ஒரே தீவனத்தை இரண்டு தடவை பார்த்தேன். 11.6, 13.4. சாம்பல் கழிச்சுத்தான் போட்டேன். எங்க பிழை?

அம்மா, ஒரு கிராமுக்குள் நடக்கும் வேலையில் இவ்வளவு தள்ளிப் போனால் நான் முதலில் பார்ப்பது மூன்று விஷயம்.

ஒன்று, நுரை பொங்குவது. அமிலத்தில் தீவனம் நுரைத்து ஃபிளாஸ்க்கின் பக்கத்தில் ஏறி ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டியது கொதிக்கும் அமிலத்தில் வேகவில்லை, மாவும் புரதமும் அதிலேயே நிற்கும், விடை ஏறும். ஃபிளாஸ்க்கை அடிக்கடி சுழற்றிவிடுங்கள், நுரை அடங்க ஒரு சொட்டு ஆக்டைல் ஆல்கஹால் விடுங்கள். மேலே கண்டென்சர் இல்லாமல் திறந்து வைத்தால் தண்ணீர் குறைந்து அமிலம் கெட்டியாகிவிடும், அது வேறு பிரச்சினை.

இரண்டு, அமிலம் வடித்த பின் கழுவியது. கழுவிய நீரில் லிட்மஸ் நிறம் மாறாமல் நிற்கும்வரை கொதிநீரால் கழுவ வேண்டும். 200 மில்லி அமிலத்தில் 20 மில்லி எச்சத்தோடு தங்கிவிட்டால், அடுத்துப் போடும் காரத்தில் ஏறக்குறைய எட்டு சதவீதத்தை அது தின்றுவிடும். காரம் நீர்த்தால் புரதமும் லிக்னினும் கரைய வேண்டிய அளவு கரையாது. உங்கள் 13.4 இதனால் வந்திருக்கலாம் என்று நினைக்கிறேன், உறுதியாகச் சொல்ல முடியாது.

மூன்று, அரை மணி நேரம் என்றால் கொதிக்க ஆரம்பித்ததிலிருந்து அரை மணி நேரம். சூடேறும் நேரத்தைச் சேர்க்கக் கூடாது. வடிகட்டி அடைத்துக்கொண்டு பதினைந்து நிமிடம் இழுத்தால் அந்தச் சூட்டிலேயே இன்னும் கரைந்துகொண்டிருக்கும், நார் குறையும். 11.6 அப்படி வந்ததா என்று நோட்டைப் பாருங்கள். கரைசல்களையும் தைட்ரேட் செய்து பாருங்கள். அமிலம் 0.255, காரம் 0.313 நார்மல் இருக்க வேண்டும். சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகள் நம்மூர் ஈரத்தில் சீக்கிரம் நசிந்துவிடும், 12.5 கிராம் நிறுத்தேன் என்பதை மட்டும் நம்பிவிட முடியாது.

கேள்வி (செங்குன்றத்தில் தவிடு வியாபாரம் செய்பவர்): தவிட்டிலேயே இயற்கையா கொஞ்சம் உமி ஒட்டும். உமியை மாவு மாதிரி அரைச்சுக் கலந்தா இந்த எண்ணை வச்சு நீங்க எப்படிப் பிடிப்பீங்க?

இந்த எண்ணை மட்டும் வைத்துப் பிடிக்க முடியாது என்பதுதான் நேர்மையான பதில். காரத்தில் கொதிக்க வைக்கும்போது உமியின் சிலிக்காவில் ஒரு பகுதி கரைந்து போய்விடுகிறது, நாரிலும் லிக்னினும் ஹெமிசெல்லுலோஸும் ஓரளவு கரைகின்றன. ஆக நமக்குக் கிடைப்பது உமியின் முழு கையெழுத்து இல்லை. அரைக்காத உமி என்றால் வெளிறிய சாம்பலில் அதன் வடிவம் லென்ஸில் தெரியும். மாவாக அரைத்துவிட்டால் அதுவும் போய்விடும், நுண்நோக்கியில் பழகிய கண் வேண்டும். தவிட்டில் இயல்பாக இருப்பது எவ்வளவு, கலந்தது எவ்வளவு என்ற எல்லையை நெல் ரகமும் ஆலையும் மாற்றிக்கொண்டே இருக்கும். உங்கள் ஆலையின் சுத்தமான தவிட்டையே சில மாதிரி எடுத்து நாரும் கரையாத சாம்பலும் பார்த்து வைத்துக்கொண்டால், வரும் லோடை அதோடு ஒப்பிடலாம். வேறு ஊர் எண்ணோடு ஒப்பிட்டால் நீங்களும் தப்பாகச் சண்டை போடுவீர்கள், விற்றவரும் போடுவார்.