குளிரில் சைக்கிள் ஓட்டும்போது விரலும் சூடாக இருக்க வேண்டும், பிரேக்கும் பிடிபட வேண்டும்

கேள்வி: தினமும் முக்கால் மணி நேரம் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். குளிர்காலத்தில் 0 டிகிரியை ஒட்டி இருக்கும். தடித்த கையுறை போட்டால் பிரேக் சரியாகப் பிடிபடவில்லை, போனும் வேலை செய்யவில்லை. மெல்லியதைப் போட்டால் சற்று நேரத்திலேயே விரல் மரத்துவிடுகிறது. எதை வாங்கலாம்?

பதில்:

ஒன்றுக்குப் பதிலாக இரண்டு வாங்குங்கள். உள்ளே தோலோடு ஒட்டிக் கிடக்கும், நுனி தொடுதிரைக்கு ஏற்றதான மெல்லிய மெரினோ கம்பளிக் கையுறை. அதன் மேல், காற்றுப் புகாத, அதிகப் பஞ்சு வைக்காத வெளிக்கையுறை. இது நீங்கள் வழக்கமாக வாங்குவதைவிட ஓர் அளவு பெரியதாக இருக்கட்டும். பிரேக் பிடிப்பது வெளிக்கையுறையின் வேலை, போனைத் தொடுவது உள்கையுறையின் வேலை. சூடு, பிரேக், போன் மூன்றையும் ஒரே கையுறை பார்த்துக்கொள்ளும் என்று அட்டையில் அச்சிட்டு விற்பவற்றில் பெரும்பாலானவை மூன்றையும் அரைகுறையாகத்தான் செய்கின்றன.

விரலைக் குளிர வைப்பது பெரும்பாலும் காற்றுதான். 0 டிகிரியில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால், மூடாத தோலுக்கு அது ஏறக்குறைய மைனஸ் 5 டிகிரி போலத் தாக்கும். அந்தக் காற்றை முதலில் வாங்குவது ஹேண்டில்பாரின் மேல் அசையாமல் கிடக்கும் விரல்களின் பின்புறம். வெறும் கம்பளி எவ்வளவு தடிமனாக இருந்தாலும் அதன் கண்கள் வழியே காற்று உள்ளே போய்விடும். உள்ளங்கைப் பக்கமோ வேறு கதை: அங்கே எவ்வளவு பஞ்சு வைத்தாலும் பிடிக்கும் பிடியில் அது நசுங்கித் தட்டையாகிவிடும். சூடும் தராது, லீவர் விரலில் படுகிற உணர்வையும் கெடுக்கும். ஆகவே புறங்கையில் காற்றைத் தடுக்கும் துணியும் கொஞ்சம் பஞ்சும், உள்ளங்கையில் வழுக்காத மெல்லிய துணியும் இருப்பதாகத் தேடுங்கள். மணிக்கட்டு முழுவதும் மூடி, சட்டைக் கைக்குள்ளோ அதற்கு மேலோ இடைவெளி இல்லாமல் சேர வேண்டும். விரலுக்குப் போகும் ரத்தம் மணிக்கட்டில் தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. அங்கே குளிர்ந்தால் விரலுக்குக் குளிர்ந்த ரத்தம்தான் போய்ச் சேரும்.

அளவு பார்க்கும்போது கையை விரித்துப் பார்க்காதீர்கள். உள்கையுறையையும் போட்டுக்கொண்டு, ஒரு தடித்த குழாயைப் பிடிப்பதுபோல் விரல்களை மடக்குங்கள். முட்டிகளின் மேல் துணி விறைத்து இழுத்தால் அந்தக் கையுறை வேண்டாம். இறுக்கம் பஞ்சிலுள்ள காற்றையும் வெளியேற்றும், ரத்த ஓட்டத்தையும் குறைக்கும். தடிமன் கூடக் கூட விரல் குளிர்கிறதே என்று பலர் குழம்புவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பிரேக் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஆபத்து இருப்பது இங்கேதான். இரண்டு விரலால் லீவரை இழுக்கிறீர்கள். மோதிர விரலும் சுண்டு விரலும் பிடியிலேயே இருக்கின்றன. வெறும் கையோடு முழு பலத்தில் அழுத்தும்போது லீவர் பிடியிலிருந்து 2 சென்டிமீட்டர் தூரம் வரை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கையுறை போட்ட விரலின் தடிமன் இரண்டரை சென்டிமீட்டர் என்றால், லீவர் அந்த இரண்டு விரல்களின் மேல் மோதி நின்றுவிடும். பிரேக் பிடித்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் உங்கள் பலத்தில் ஒரு பகுதி உங்கள் விரலை நசுக்குவதில் போகிறது. மெதுவாக ஓட்டும்போது இது தெரியவே தெரியாது, அவசரமாக நிறுத்தும்போதுதான் தெரியும். ஆகவே வீட்டிலேயே கையுறை போட்டு, சைக்கிளை நிறுத்தி வைத்து, முழு பலத்தில் அழுத்திப் பாருங்கள். மற்ற விரல்கள் நெரிபட்டால் சரிசெய்யாமல் சாலைக்கு எடுத்துச் செல்ல வேண்டாம்.

எளிதில் தவறிவிடக்கூடிய இடம் ஒன்று உண்டு. தடித்த கையுறையால் லீவர் எட்டவில்லை என்று, அதிலுள்ள சிறு திருகைத் திருப்பி லீவரைப் பிடிக்கு நெருக்கமாகக் கொண்டுவருவார்கள். எட்டும்தான், ஆனால் நெரிபடுவது இன்னும் மோசமாகும். முதலில் பிரேக் கட்டை முன்கூட்டியே கடிக்கும்படி செய்ய வேண்டும். கம்பி பிரேக்காக இருந்தால், லீவரிலிருந்து கம்பி வெளியே வரும் இடத்திலுள்ள உருளைத் திருகை அரைச் சுற்று வெளிப்பக்கம் திருப்பி, சக்கரத்தைச் சுழற்றி உரசல் இல்லை என்று பார்த்து, தேவையானால் மறுபடி அரைச் சுற்று. அதன் பிறகே எட்டும் தூரத்தைத் தொடுங்கள். ஹைட்ராலிக் பிரேக்கில் லீவர் வழக்கத்தைவிட உள்ளே போகிறதென்றால் கட்டை தேய்ந்திருக்கலாம், எண்ணெயில் காற்று புகுந்திருக்கலாம். அதை மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். நீளமான லீவராக இருந்தால் நான்கு விரலாலும் பிடிப்பது எளிய வழி: நெரிபடுவதற்கு விரலே மிஞ்சாது.

லீவர் அலுமினியமாக இருந்தால் விரல் படும் பகுதியில் துணி டேப்போ ரப்பர் உறையோ சுற்றிவிடுங்கள். அந்த உலோகம் சும்மா தொட்டுக்கொண்டிருந்தாலே விரல் நுனியிலிருந்து சூட்டை இழுக்கும்.

இனி போன். தொடுதிரை விரலின் மின்தன்மையை வைத்துத்தான் வேலை செய்கிறது. 'தொடுதிரைக்கு ஏற்றது' என்ற கையுறையின் நுனியில் மின்சாரம் கடத்தும் நூல் இருக்கும். அது தோலைத் தொட்டால்தான் பலன். நூலுக்கும் விரலுக்கும் நடுவே பஞ்சோ வெற்று இடமோ இருந்தால் திரை அசையாது. தடித்த கையுறைகள் இதில் தோற்பதும், நுனி ஒட்டிப்போன மெல்லிய உள்கையுறை ஜெயிப்பதும் இதனால்தான். ஓரமாக நிறுத்தி, வெளிக்கையுறையைக் கழற்றி, வேலையை முடித்து, மறுபடி போட்டுக்கொள்ளுங்கள். உள்கையுறை இருப்பதால் அந்த நேரத்தில் விரல் வெறுமையாக இருக்காது. சில ஆண்ட்ராய்டு போன்களில் Settings உள்ளே Touch sensitivity என்று ஒன்று இருக்கும். அதை இயக்கினால் இன்னும் எளிது. மழைத்துளி படிந்த திரை எந்தக் கையுறைக்கும் சரியாகப் பணியாது. வழிகாட்டும் செயலியைக் கிளம்பும்முன் இயக்கி, குரலில் கேட்டுக்கொள்வதே நல்லது. துவைக்கத் துவைக்க அந்த நூல் தேயும். முன்பு ஒரு தொடலில் நகர்ந்தது இப்போது மூன்று முறை அழுத்தக் கேட்டால் அதன் காலம் முடிந்தது.

மைனஸ் 5 டிகிரிக்குக் கீழே அடிக்கடி போகும் என்றால், இரண்டிரண்டு விரலாகச் சேர்ந்திருக்கும் நண்டுக்கொடுக்குக் கையுறை மேல். விரல்கள் ஒன்றையொன்று சூடாக்கும், பிரேக்குக்கு இரண்டு விரல் தனியாகக் கிடைக்கும். அதற்கும் கீழே போனால் நான் கையுறையை விட்டுவிட்டு ஹேண்டில்பார் மேலேயே மாட்டும் பெரிய உறைக்குப் போய்விடுவேன். லீவரும் கையும் அதற்குள்ளேயே இருக்கும், உள்ளே மெல்லிய கையுறை போதும் என்பதால் பிரேக் உணர்வு துளியும் கெடாது. கை தடுக்காமல் சட்டென்று வெளியே வருகிறதா என்பதை மட்டும் கட்டாயம் சோதியுங்கள். வளைந்த ஹேண்டில்பாருக்கு அதற்கென்று தைத்தது வேண்டும்.

முக்கால் மணி நேரப் பயணத்தில் மேடு இருந்தால் கை வியர்க்கும். நனைந்த உள்கையுறை இறக்கத்தில் விரலை உறைய வைக்கும். பையில் உலர்ந்த உள்கையுறை ஒரு ஜோடி வைத்திருங்கள். இரண்டு ஜோடி வாங்கினாலும் மின்கலம் வைத்த சூடேற்றும் கையுறையைவிடப் பெரும்பாலும் செலவு குறைவு, உங்கள் தூரத்துக்கும் குளிருக்கும் அது தேவையும் இல்லை. விரல் வெளுத்து, உணர்வு போய், சூடான அறைக்குள் வந்து வெகு நேரமாகியும் நிறம் திரும்பவில்லை என்றால் கையுறையை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.