ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு: வாட்ஸ்அப்பில் எது வரும், எது வராது?

போனை மாற்றுவது பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றி வருகின்றன: ஆண்ட்ராய்டில் சேர்த்து வைத்த வாட்ஸ்அப் அரட்டைகள் ஐபோனுக்கு வருமா, அங்கிருந்து திரும்பி வருமா? அவற்றில் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எட்டு வருடமாக ஆண்ட்ராய்டு போன்தான் வைத்திருக்கிறேன். மகன் ஐபோன் வாங்கி அனுப்பியிருக்கிறான், இன்னும் பெட்டியைப் பிரிக்கவில்லை. மறைந்த என் கணவர் அனுப்பிய குரல் பதிவுகள் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் இருக்கின்றன. வாட்ஸ்அப் மட்டும் 18 ஜிபி காட்டுகிறது. கூகுள் டிரைவில் பேக்கப் இருக்கிறது. அதை வைத்து எல்லாவற்றையும் எடுத்துவிடலாமா?

டிரைவில் இருக்கும் பேக்கப் இந்த வேலைக்கு உதவாது, அம்மா. ஐபோனில் இருக்கும் வாட்ஸ்அப் தன் பேக்கப்பை ஐகிளவுடில் மட்டும்தான் தேடும், கூகுள் டிரைவை எட்டிக்கூடப் பார்க்காது. செய்திகளைச் சேமிக்கும் விதமும் வேறு. ஆண்ட்ராய்டில் அவை msgstore.db என்ற கோப்பிலும், ஐபோனில் ChatStorage.sqlite என்ற கோப்பிலும் இருக்கின்றன. இரண்டும் கணக்கு நோட்டுதான், ஆனால் கோடு போட்ட முறை வேறு. ஒன்றைத் தூக்கி இன்னொன்றின் இடத்தில் வைத்தால் ஓடாது.

நீங்கள் பெட்டியைப் பிரிக்காததுதான் இதில் நல்ல செய்தி. ஆப்பிளின் Move to iOS என்ற செயலி வழியாக வாட்ஸ்அப்பை மாற்றும் வசதி 2022இல் வந்தது. அந்த வழி, ஐபோனை முதன்முதலாக அமைக்கும்போது மட்டுமே திறக்கும்.

அதைத் தொடங்குவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பழைய போனில் உங்கள் கணவரின் அரட்டையைத் திறந்து, பழைய குரல் பதிவுகள் நாலைந்தை ஓட்டிப் பாருங்கள். ஓடினால் கோப்பு போனில் இருக்கிறது, அது வரும். ஓடாமல் கோப்பு இல்லை என்று சொன்னால் அது எப்போதோ அழிந்துவிட்டது, மாற்றும்போது திரும்பி வராது. படங்களுக்கும் இதே கதைதான். இடம் போதவில்லை என்று கேலரியில் அழித்த படத்துக்கு அரட்டையில் ஒரு மங்கலான நிழல் மட்டும் மிச்சம் இருக்கும், ஐபோனுக்கும் அந்த நிழல்தான் போகும். மாற்றியதில் தொலைந்தது என்று பலர் சொல்வது பெரும்பாலும் முன்பே தொலைந்ததுதான்.

அடுத்து, அந்தக் குரல்களைத் தனியாக ஒரு பிரதி எடுங்கள். போனைக் கேபிளால் கணினியில் இணைத்தால் இந்த இடத்தில் ஒரு கோப்புறை இருக்கும்:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media/WhatsApp Voice Notes
```

உள்ளே வாரம் ஒன்றுக்கு ஒரு கோப்புறை. அதற்குள் PTT-20190412-WA0003.opus என்பது போலப் பெயர்கள் இருக்கும். நடுவில் இருக்கும் எட்டு எண்கள் தேதி, அதாவது 12 ஏப்ரல் 2019. யார் பேசியது என்பது பெயரில் இருக்காது, ஆனால் தேதியை அரட்டையோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிடலாம். முழுக் கோப்புறையையும் ஒரு பென் டிரைவில் போட்டு வைத்துவிட்டால், மாற்றத்தில் என்ன நடந்தாலும் குரல் கையில் இருக்கும்.

இப்போது மாற்றும் வேலை. இரண்டு போனையும் சார்ஜரில் போடுங்கள். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப்பை அப்டேட் செய்து, பிளே ஸ்டோரிலிருந்து Move to iOS இறக்குங்கள். ஐபோனை ஆன் செய்து, தரவை எங்கிருந்து கொண்டுவருவது என்று கேட்கும் இடத்தில் From Android என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஐபோன் ஒரு எண்ணைக் காட்டும், அதை ஆண்ட்ராய்டில் அடித்ததும் எதையெல்லாம் மாற்ற வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். அதில் வாட்ஸ்அப்பைத் தொட்டால் வாட்ஸ்அப்பே திறந்து START என்று கேட்கும். அது தன் தரவைத் தயார் செய்து முடித்ததும் பழைய போனில் உங்கள் கணக்கு வெளியேறிவிடும். பயப்பட வேண்டாம், அது அப்படித்தான். NEXT தொட்டால் பழையபடி Move to iOS வரும், அங்கே CONTINUE. 18 ஜிபி என்பதால் பொறுமையாக உட்கார வேண்டியிருக்கும்.

முடிந்த பின் ஐபோனில் வாட்ஸ்அப்பை நிறுவி, அதே எண்ணில் உள்ளே போனால் அரட்டைகளைக் கொண்டுவரட்டுமா என்று கேட்கும், சரி சொல்லுங்கள். எண் மாறினால் இது நடக்காது. புது எண்ணுக்குப் போகிற எண்ணம் இருந்தால் முதலில் மாற்றத்தை முடித்துவிட்டு, பிறகு வாட்ஸ்அப்பின் உள்ளேயே எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள்.

பழைய போனிலிருந்து தரவு தானாக அழியாது. நீங்கள் வாட்ஸ்அப்பை நீக்கும்வரை அல்லது போனை ரீசெட் செய்யும்வரை அங்கேயே இருக்கும். அதனால் எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள்.

ஐபோன் வாங்கிப் பத்து நாள் ஆகிறது. கடைக்காரர் அவசரத்தில் புதிதாக அமைத்துக் கொடுத்துவிட்டார். வாட்ஸ்அப்பில் இந்தப் பத்து நாள் செய்திகள் மட்டும் இருக்கின்றன. பழையதையும் இதோடு சேர்க்க வழி உண்டா?

சேர்க்க வழியில்லை. பழைய வரலாறும் புது வரலாறும் ஒன்றாகக் கலக்காது, ஒன்று இன்னொன்றின் இடத்தில்தான் வந்து உட்காரும். எது முக்கியம் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். பத்து வருடமா பத்து நாளா என்றால் நான் பத்து நாளை விட்டுவிடுவேன்.

அப்படி முடிவு செய்தால் இந்த வரிசையில் போங்கள். முதலில் பத்து நாளில் வந்த முக்கியமான அரட்டைகளை ஒவ்வொன்றாக எக்ஸ்போர்ட் செய்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள், படங்களை ஐபோன் ஆல்பத்தில் சேமியுங்கள். பிறகு பழைய ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப்பைத் திறந்து அதே எண்ணை மறுபடி சரிபாருங்கள். செயலியை நீக்காமல் இருந்திருந்தால் பழைய அரட்டைகள் விட்ட இடத்திலேயே இருக்கும். நடுவில் வந்த பத்து நாள் செய்திகள் அங்கே வராது, அவை ஏற்கெனவே ஐபோனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. பழையவை இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஐபோனை அழிக்க வேண்டும்: Settings, General, Transfer or Reset iPhone, Erase All Content and Settings. அப்புறம் முதல் பதிலில் சொன்ன வழி.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. மறுபடி அமைக்கும்போது, பத்து நாளில் எடுத்த ஐகிளவுட் பேக்கப்பிலிருந்து மீட்கலாமா என்று ஐபோன் கேட்கும். அதுவும் From Android என்பதும் ஒரே திரையில் இருக்கும் இரண்டு வழிகள், ஒன்றைத்தான் எடுக்க முடியும். ஐகிளவுடைத் தொட்டால் திரும்பவும் முதலிலிருந்து.

ஒழுங்காகவே மாற்றினாலும் வராமல் போவது எது?

தனி அரட்டைகள், குழுக்கள், படங்கள், வீடியோக்கள், முகப்புப் படம், அமைப்புகள் இவை வரும். அழைப்புப் பட்டியலும், உங்களுக்கு நீங்கள் வைத்திருக்கும் காட்சிப் பெயரும் வராது. பெயரைத் திரும்ப அடித்துக்கொள்ளலாம். யார் எப்போது அழைத்தார் என்பது வழக்குக்கோ வேலைக்கோ தேவைப்பட்டால் பழைய போனிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.

நம் ஊரில் கவனிக்க வேண்டியது, வாட்ஸ்அப் வழியாகப் பணம் அனுப்பிய செய்திகள். அவையும் வராது. பணத்துக்கு ஆபத்தில்லை, பரிவர்த்தனை வங்கிக் கணக்கில் பதிவாகியிருக்கும். புது போனில் யுபிஐயை மட்டும் மறுபடி இணைக்க வேண்டும், அதற்கு அந்த எண்ணின் சிம் அந்தப் போனில் இருக்க வேண்டும்.

பாதியில் நின்றுவிடுகிறது. மூன்று முறை முயன்றுவிட்டேன்.

மாற்றம் நடக்கும்போது ஐபோன் தானே ஒரு தற்காலிக வைஃபை உருவாக்கி ஆண்ட்ராய்டை அதில் இணைக்கிறது. அந்த வைஃபையில் இணையம் இல்லையே என்று ஆண்ட்ராய்டு மொபைல் டேட்டாவுக்குத் தாவினால் கதை முடிந்தது. அதனால் ஆண்ட்ராய்டில் மொபைல் டேட்டாவையும், நல்ல நெட்வொர்க்குக்குத் தானாக மாறும் அமைப்பையும் நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். Move to iOS திரையை விட்டு வெளியே போகவும் கூடாது. என் தங்கையின் போனை மாற்றியபோது முக்கால்வாசி போனதும் எரிவாயு சிலிண்டர்காரரிடமிருந்து அழைப்பு வந்தது, அவள் எடுத்துப் பேசினாள், முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

ஆண்ட்ராய்டில் முடிந்தது என்று வந்தாலும் ஐபோனில் ஓடும் கோடு முடியும்வரை காத்திருங்கள். பட்டியலில் வாட்ஸ்அப்பே தெரியவில்லை என்றால் அனேகமாக வாட்ஸ்அப் பழைய பதிப்பாக இருக்கும். ஜிபி வாட்ஸ்அப் போன்ற போலிப் பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி கிடையாது.

ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்குத் திரும்பப் போகிறேன். இதே செயலி போதுமா?

வேண்டாம், அந்தப் பக்கம் கேபிள்தான். புது ஆண்ட்ராய்டை அமைக்கும்போது ஐபோனோடு இணைக்கச் சொல்லும், நடுவில் ஒரு கியூஆர் குறியீடு காட்டும். அதை ஐபோன் கேமராவில் பிடித்தால் வாட்ஸ்அப் திறந்து அரட்டைகளை ஏற்றுமதி செய்யத் தொடங்கும். 2021இல் இது முதலில் சாம்சங்கிலும் பிறகு பிக்சலிலும் வந்தது, ஆண்ட்ராய்டு 12உடன் வெளிவந்த மற்ற போன்களுக்கும் உண்டு. இதுவும் போனைப் புதிதாக அமைக்கும் நேரத்து வேலைதான்.

இங்கே பலரைக் கவிழ்ப்பது கேபிள். ஐபோன் 14 வரை ஒரு முனை லைட்னிங், மறு முனை டைப்-சி. 15 முதல் இரண்டும் டைப்-சி. மலிவான கேபிள்களில் சில சார்ஜ் மட்டும்தான் ஏற்றும், தரவைக் கடத்தாது. இணைத்ததும் இந்தச் சாதனத்தை நம்பலாமா என்று ஐபோன் கேட்க வேண்டும். பேட்டரி குறி மட்டும் வந்து கேள்வி வரவில்லை என்றால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள்.

எக்ஸ்போர்ட் செய்த கோப்பை ஐபோன் வாட்ஸ்அப்பில் ஏற்றலாமா? முடியும் என்று யாரோ சொன்னார்கள்.

வாட்ஸ்அப்பில் ஏற்ற முடியாது. அது படிப்பதற்கான .txt கோப்பு, அவ்வளவுதான். அதிலும் வரம்பு உண்டு: படங்களோடு எடுத்தால் கடைசி 10,000 செய்திகள், படங்கள் இல்லாமல் 40,000. பெரிய குடும்பக் குழுவில் அது சில மாதங்களுக்குக்கூடப் போதாது. உங்களிடம் சொன்னவர் டெலிகிராமை நினைத்துச் சொல்லியிருக்கலாம். வாட்ஸ்அப்பின் எக்ஸ்போர்ட்டை டெலிகிராம் 2021 முதல் உள்ளே எடுத்துக்கொள்கிறது.

டெலிகிராமை மாற்றுவது பற்றிக் கேட்டவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாதாரண அரட்டைகள் அவர்களுடைய சர்வரில் இருப்பதால் புது போனில் உள்ளே போனாலே வந்துவிடும். ரகசிய அரட்டைகள் மட்டும் எந்தப் போனில் தொடங்கினவோ அங்கேயே நின்றுவிடும், அவற்றைக் கொண்டுவர வழி கிடையாது.

எல்லாம் வந்துவிட்டது. இனி பழைய போனை விற்கலாமா?

ஐபோனில் மிகப் பழைய அரட்டையை மேலே தள்ளிக்கொண்டே போய் முதல் செய்தி வரை பாருங்கள், நடுவில் இரண்டு வீடியோக்களை ஓட்டுங்கள். மாறி வந்த அரட்டைகள் தானாக ஐகிளவுடில் ஏறியிருக்காது, வாட்ஸ்அப்பில் நீங்களே ஒரு பேக்கப் எடுக்க வேண்டும். இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபிதான். முதல் கேள்வி கேட்ட அம்மாவின் 18 ஜிபி அதில் அடங்காது. ஒன்று மாதக் கட்டணம் கட்டி இடம் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் வீடியோக்களை விட்டுவிட்டு பேக்கப் எடுக்க வேண்டும். அந்த அமைப்பு வாட்ஸ்அப்பின் பேக்கப் பக்கத்திலேயே இருக்கிறது. பேக்கப் முழுதாக முடிந்த தேதி அந்தப் பக்கத்தில் தெரிந்த பிறகு விற்கலாம்.